95 ரூபாய் ஓலைப் பெட்டிக்கு ஒரு போர்டும் ஒரு நோட்டீஸும்

மகளிர் சுய உதவிக் குழுக்களின் நவராத்திரி விற்பனைக் கண்காட்சிக்குள் ஒரு சுற்று வந்தால், கடைகளின் பின்சுவரில் தொங்கும் ஃபிளெக்ஸ் எல்லாம் அநேகமாக ஒரே மாதிரிதான் இருக்கும். மேல் பாதியில் முத்திரைகளும் படங்களும். நடுவில் நிழல் விழுந்த தங்க எழுத்தில் குழுவின் பெயர். அடியில் பொடி எழுத்தில் “எங்களிடம் தரமான கைவினைப் பொருட்கள் நியாயமான விலையில் கிடைக்கும்” என்று ஒரு வரி. என்ன பொருள், எந்த ஊர், எவ்வளவு விலை என்பதைக் கடைக்காரரிடம் கேட்டால்தான் தெரியும். கூட்டம் நெரிக்கும்போது யார் நின்று கேட்பார்கள்?

என் அத்தை சாயல்குடிப் பக்கம் ஒரு குழுவின் ஊக்குநர். பனை ஓலைப் பெட்டிதான் அவர்கள் தொழில். கண்காட்சி என்று வந்தால் போர்டுக்கும் நோட்டீஸுக்கும் வாசகம் எழுதிக் கொடுப்பது என் வேலை. அதில் வார்த்தை தேடுவது சுலபம். “நியாயமான விலை” என்ற இரண்டு சொல்லுக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்க வேண்டும், அதுதான் கஷ்டம். அந்தக் கணக்கைப் போட்டுவிட்டால் போர்டில் என்ன எழுதுவது என்பது தானாகவே வந்துவிடும். ஆகவே முதலில் கணக்கைச் சொல்கிறேன்.

நவராத்திரியில் அதிகம் போவது மூடி போட்ட சின்னப் பெட்டி. நான்கு அங்குலச் சதுரம், மூன்று அங்குல உயரம். கொலுவுக்கு வருகிறவர்களுக்குத் தாம்பூலம் வைத்துக் கொடுக்க வாங்குகிறார்கள். ஒன்று இரண்டு அல்ல, 25, 50 என்று. இந்தப் பெட்டிக்கு முற்றின சாரோலை ஆகாது, மடக்கினால் வெடித்துவிடும். குருத்தோலைதான் வேண்டும். அதுவும் ஒரு மரத்தில் கண்டபடி வெட்ட முடியாது, மரம் நொந்துபோகும். வெட்டிய குருத்தை விரித்து இரண்டு மூன்று நாள் வெயிலில் போட்டு, பச்சை போய் வெளுத்த பிறகு ஈர்க்கைப் பிரித்து, ஒரே அகலத்துக்கு வார வேண்டும். வார்ந்ததில் ஒரு பங்கைச் சாயப்பொடியும் உப்பும் போட்ட கொதிநீரில் வேகவைத்து, அலசி, நிழலில் உலர்த்த வேண்டும். முடையும்போது நீர் தெளித்துப் பதமாக்கிக்கொள்ள வேண்டும். பார்ப்பவர் கண்ணுக்குத் தெரிவது முடைகிற வேலை மட்டும்தான். அதற்கு முன்னால் நடக்கிற பாதி வேலை பெட்டிக்குள்ளேயே மறைந்துவிடுகிறது. விலை போடும்போதும் முதலில் விட்டுப்போவது அதுதான்.

ஒரு பெட்டிக்குத் தனியாகக் கணக்குப் போடச் சொன்னால் யாராலும் முடியாது. “ஒரு மணி நேரம் இருக்குமா… இடையில புள்ளைக்குச் சோறு போட்டேன், கறவை மாட்டப் பாத்தேன்” என்று பேச்சு எங்கெங்கோ போகும். அதனால் 20 பெட்டிக்கு மொத்தமாகக் கணக்கு வைத்தோம். ஒரு நோட்டில், வேலைக்கு உட்காரும்போதும் எழும்போதும் நேரத்தைக் குறித்தார்கள்.

ஓலை 10 குருத்து, ஒன்று 25 ரூபாய் வீதம் 250. சாயம், உப்பு, விறகுக்கு 60. ஆக மொத்தம் 310 ரூபாய். ஈர்க்குப் பிரிப்பது, வாருவது, சாயம் போடுவது எல்லாம் சேர்த்து 5 மணி நேரம். முடைவது, மூடியோடு பெட்டிக்கு ஒரு மணி நேரம் வீதம் 20 மணி. மொத்தம் 25 மணி நேரம்.

மணிக்கு என்ன கூலி போடுவது? குழுவில் நீண்ட பேச்சு நடந்தது இங்கேதான். 2025-26-க்கு நூறு நாள் வேலையில் தமிழ்நாட்டுக்கு அறிவித்த நாள் கூலி 336 ரூபாய். எட்டு மணி நேரத்துக்கு வகுத்தால் மணிக்கு 42. மண் வெட்டுகிற வேலைக்கே அது என்றால், கைப்பழக்கம் வர வருஷக்கணக்கில் ஆகிற வேலைக்கு அதற்குக் கீழே போடக் கூடாது என்று அத்தை பிடிவாதமாக நின்றார். 60 போடலாம் என்றார்கள் சிலர். போட்டால் பெட்டி விலை எங்கே போய் நிற்கும் என்று பார்த்துவிட்டு, கடைசியில் 45-க்கு வந்தார்கள். 25 மணி நேரத்துக்கு 1,125 ரூபாய்.

பொருளும் கூலியும் சேர்த்து 1,435. இதை இருபதால் வகுக்கக் கூடாது. இருபதில் ஒன்று எப்படியும் கோணலாகப் போகும். மூடி உட்காராது, இல்லையென்றால் சாயம் திட்டுத் திட்டாக ஏறியிருக்கும். பத்தொன்பதால் வகுத்தால் ஒரு பெட்டிக்கு ஏறக்குறைய 75 ரூபாய் 50 காசு. காகிதப் பை 3 ரூபாய். 2019 ஜனவரியிலிருந்து பிளாஸ்டிக் பைக்குத் தடை. தடை இல்லாவிட்டாலும் ஓலைப் பெட்டியைப் பிளாஸ்டிக்கில் வைக்கக் கூடாது. அதன் காரணம் பின்னால் வருகிறது. ஆக 78.50.

இதோடு நிறுத்தினால் ஊரில் விற்கலாம், சென்னையில் விற்க முடியாது. நுங்கம்பாக்கம் அன்னை தெரசா மகளிர் வளாகம் மாதிரி இடத்தில் கடை போட வேண்டுமென்றால், மூட்டைக்கு லாரி செட் கூலி, இரண்டு பேருக்கு பஸ், அத்தனை நாள் சாப்பாடு என்று செலவு நீளும். சரக்கு மொத்தமும் 60,000-க்குப் போகும், செலவு 6,000 ஆகும் என்று வைத்துக்கொண்டோம். அதாவது விற்கிற விலையில் பத்தில் ஒரு பங்கு. குழுவின் பொது நிதிக்கு நூற்றுக்கு 5. விலையில் 15 சதவீதம் இப்படிப் போக, மிச்சம் 78.50 நிற்க வேண்டும். 78.50-ஐ 0.85-ஆல் வகுத்தால் 92 ரூபாய் சொச்சம். அதை 95 ஆக்கினோம். 78.50-உடன் 15 சதவீதத்தைக் கூட்டி 90 என்று போடுகிறவர்கள் உண்டு. செலவு விற்கிற விலையிலிருந்து போகிறதே தவிர அடக்க விலையிலிருந்து அல்ல, அதனால்தான் வகுக்க வேண்டியிருக்கிறது.

இதே மாதிரிப் பெட்டி வேறு இடத்தில் 60 ரூபாய்க்குக் கிடைக்கிறதே என்று வாடிக்கையாளர்கள் கேட்பார்கள். கிடைக்கும்தான். அந்த 60-ஐ எங்கள் கணக்கில் வைத்துப் பார்த்தால் 15 சதவீதம் போக 51. அதில் ஓலை, சாயம், பை எல்லாம் கழித்தால் கையில் 32 ரூபாய்கூடத் தேறாது. ஒரு பெட்டிக்குக் கழிவும் சேர்த்து ஒண்ணேகால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகிறது. மணிக்கு 24 ரூபாய் கூலி. வீட்டில் சும்மா இருக்கிற நேரத்தில் முடைவதுதானே என்று அதற்கு ஒரு சமாதானம் சொல்வார்கள். எங்கள் ஊரில் சும்மா இருக்கிற பெண்ணை நான் பார்த்ததில்லை.

இனி நோட்டீஸுக்கு வருவோம். விலைக் கணக்கை அதில் அச்சடிக்கலாம் என்று சொன்னபோது குழுவில் பாதிப் பேருக்குப் பிடிக்கவில்லை. “நம்ம வீட்டுக் கணக்க ஊருக்கெல்லாம் விரிச்சுக் காட்டணுமா மருமகனே?” என்றார் அத்தையே. கூலி 59 ரூபாய் என்று பார்த்தால், “பெட்டியே 16 ரூபாய் ஓலைதானா” என்று குறைத்துக் கேட்பார்கள் என்பது அவர்கள் பயம். நியாயமான பயம்தான். ஆனால் விலை கேட்டு முகம் சுளிக்கிறவருக்கு, கடையில் நிற்கிற பெண் ஒவ்வொரு தடவையும் வாயால் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. சொன்னாலும் அது கெஞ்சல் மாதிரி ஆகிவிடும். தாளில் இருந்தால் அது தகவல். கடைசியில் இப்படி அச்சடித்தோம்:

இந்தப் பெட்டி 95 ரூபாய். இதில்
முடைந்தவர் கூலி – 59
ஓலை, சாயம், விறகு – 16
காகிதப் பை – 3
ஊரிலிருந்து வந்து கடை போட – 10
குழுவின் பொது நிதி – 5
மீதி – 2
கூலி, மணிக்கு 45 ரூபாய் கணக்கு. கழிவும் இதில் அடக்கம்.

“மீதி 2” என்பதை எடுத்துவிடச் சொன்னார்கள். நான் விடவில்லை. கூட்டிப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். மொத்தம் 93 வந்தால் மற்ற வரிகளையும் நம்ப மாட்டார்கள். இன்னொன்று, குழுவுக்கு ஜி.எஸ்.டி. பதிவு கிடையாது. பதிவு இல்லாதவர் விலைக்கு மேல் வரி என்று தனியாக வாங்கக் கூடாது. சில கடைகளில் “வரி தனி” என்று எழுதி வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன், ஏன் என்று எழுதியவருக்கே தெரியாது.

விலைப் பிரிப்பை அச்சடித்ததில் நாங்கள் எதிர்பாராத ஒரு பயன் கிடைத்தது. மொத்தமாக வாங்குகிறவர்கள் பேரம் பேசும்போது எந்த வரியில் கை வைக்கலாம், எதில் வைக்கக் கூடாது என்பது கடையில் நிற்பவருக்குத் தெளிவாகிவிட்டது. “இருபத்தஞ்சு எடுக்கிறேன், எண்பது போட்டுக் கொடுங்கம்மா” என்பது வழக்கமாக வரும் பேச்சு. இருபத்தைந்து பெட்டி முடைந்தாலும் ஒவ்வொன்றுக்கும் அதே நேரம்தான் ஆகிறது. மில்லில் ஓடுகிற சரக்கு போல எண்ணிக்கை கூடினால் அடக்கம் குறையாது. கடையில் வைத்து 80-க்குக் கொடுத்தால் கூலி மணிக்கு 37-க்கு இறங்கிவிடும். குறைக்க முடிவது பை ஒன்றுதான். தனித்தனிப் பை வேண்டாமென்றால் 90-க்குக் கொடுக்கலாம், அதற்குக் கீழே முடியாது.

ஆனால் அதே 80 ரூபாய் இன்னொரு வழியில் சாத்தியம். கண்காட்சிக்கு வராமல் முன்கூட்டியே ஆர்டர் கொடுத்து, ஊரிலிருந்து பார்சலில் வாங்கிக்கொண்டால், கடை போடுகிற செலவு 10 சதவீதம் இல்லை, பையும் இல்லை. 75.50-ஐ 0.95-ஆல் வகுத்தால் 79 ரூபாய் சொச்சம். ஆக 80 ரூபாய், பார்சல் கூலி அவரவர் செலவு. கூலியில் ஒரு பைசா குறையாமல் வாங்குகிறவருக்கும் 15 ரூபாய் மிச்சம். நோட்டீஸின் பின்பக்கம் முழுக்க இதற்கே போனது:

25 பெட்டிக்கு மேல் முன்பதிவு செய்தால் ஒன்று 80 ரூபாய். பார்சல் கட்டணம் தனி. 50 பெட்டிக்குப் பத்து நாள் முன்னதாகச் சொல்லவும். நவராத்திரி, தை மாதக் கல்யாணங்களுக்கு ஒரு மாதம் முன்னதாக.

பத்து நாள் என்பதும் கணக்குப் பார்த்து எழுதியதுதான். 50 பெட்டிக்கு 62 மணி நேர வேலை. ஐந்து பேர், வீட்டு வேலை போக நாளுக்கு நான்கு மணி நேரம் உட்கார்ந்தால் மூன்று நாளுக்குச் சற்று மேலே. அதற்கு முன் ஓலை காய இரண்டு மூன்று நாள். பிறகு பார்சல் போய்ச் சேர வேண்டும். மழை பிடித்துக்கொண்டால் காயும் நாள் கூடும். “ஒரு வாரத்தில் தருகிறோம்” என்று வாய்க்கு வந்தபடி எழுதியிருந்தால், அரைகுறையாகக் காய்ந்த ஓலையில் முடைந்து அனுப்ப வேண்டியிருக்கும்.

அப்படி அனுப்பினால் என்ன ஆகும் என்பதற்கு எல்லா ஓலைக் கடையிலும் கதை உண்டு. ஓலையில் ஈரம் நின்றால் பூஞ்சணம் பிடிக்கும். முதலில் மூடியின் உள்மடிப்பில் கறுப்புப் புள்ளி வரும், அதற்கும் முன்னால் மக்கிய வாடை வரும். நன்றாகக் காய்ந்த பெட்டியை அமுக்கினால் சரசரவென்று சத்தம் கேட்கும். ஈரம் நின்ற பெட்டி சத்தமில்லாமல் அமுங்கும். பிளாஸ்டிக் கவரில் வைத்துக் கட்டினால், காய்ந்த பெட்டிகூடக் காற்று போகாமல் வேர்த்துவிடும். நவராத்திரி முடிந்த கையோடு ஐப்பசி அடைமழை வருகிற சென்னையில் இதை எழுதாமல் விற்பது சரியில்லை. அதனால், “காற்றாட வைக்கவும். ஈரம் பட்டால் துடைத்து இளவெயிலில் ஒரு மணி நேரம் வைக்கவும். பிளாஸ்டிக் கவரில் கட்டி வைக்க வேண்டாம்.” இவ்வளவுதான், மூன்று வரி.

சாயத்தைப் பற்றியும் ஒரு வரி எழுத வேண்டியிருந்தது. “100% இயற்கை” என்று போடலாமே என்று ஃபிளெக்ஸ் கடைக்காரர் ஆசை காட்டினார். ஓலை மரத்தில் விளைந்தது, அது இயற்கைதான். சிவப்பும் பச்சையும் பாக்கெட்டில் வாங்கிய சாயப்பொடி. அதை இயற்கை என்று எழுதினால் பொய். அதைவிட ஆபத்து ஒன்று இருக்கிறது: நவராத்திரியில் ஆசையாகச் சுண்டலைச் சூடாக அந்தப் பெட்டியிலேயே போட்டுக் கொடுத்துவிடுவார்கள். ஈரமும் சூடும் சேர்ந்தால் சாயம் கசியும். வெள்ளைத் துணியை நனைத்துத் தேய்த்துப் பார்த்தால் தெரிந்துவிடும். சரியாக அலசாத பெட்டி துணியில் ரோஸ் நிறம் விடும். இதைக் குழுவில் சொன்ன பிறகு, சின்னப் பெட்டிகளுக்குச் சாய ஓலையை மூடியில் மட்டும் வைத்து, அடிப்பெட்டியை வெள்ளோலையிலேயே முடைய ஆரம்பித்தார்கள். நோட்டீஸில் இப்படி எழுதினோம்: “வண்ண ஓலைக்குக் கடைச் சாயம் போட்டிருக்கிறோம். வெற்றிலை, பாக்கு, பழம், மஞ்சள் கிழங்கு வைக்கலாம். சுண்டல் வைப்பதாக இருந்தால் ஆறவைத்து, வாழையிலை விரித்து வைக்கவும்.” விற்பனை குறையும் என்று ஒருத்தர் சொன்னார். இதைப் படித்துவிட்டுப் பெட்டியைத் திருப்பி வைத்தவர்களை நான் பார்க்கவில்லை. வாழையிலையை எந்த அளவில் வெட்டுவது என்று கேட்டவர்களைப் பார்த்தேன்.

இன்னொரு கேள்வி அடிக்கடி வரும்: “இது செட்டிநாட்டுக் கொட்டானா?” ஆமாம் என்று சொல்லிவிடலாம், விலையும் கூடக் கேட்கலாம். செட்டிநாட்டுக் கொட்டானுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. அந்தப் பெயர் அந்த வட்டாரத்துக்கும் அங்கே முடைகிறவர்களுக்கும் உரியது. எங்கள் பெட்டி ராமநாதபுரம் மாவட்டத்துப் பெட்டி, முடைகிற விதமும் வேறு. போர்டிலும் நோட்டீஸிலும் “சாயல்குடிப் பக்கத்து ஓலைப் பெட்டி” என்றே போட்டோம். நம் ஊர்ப் பெயருக்கு என்ன குறைச்சல்?

கணக்கும் நோட்டீஸும் முடிந்த பிறகு போர்டு அரை மணி நேர வேலை. கடைக்கு முன்னால் நாலு பேர் நின்றாலே பின்சுவரின் கீழ்ப் பாதி மறைந்துவிடும். அதனால் ஆறுக்கு மூன்றடி ஃபிளெக்ஸில் படிக்க வேண்டியது எல்லாம் மேல் பாதியில் இருக்க வேண்டும். கீழே பெட்டியின் படம் போதும். முத்திரை போட்டே தீர வேண்டும் என்றால் மூலையில், உள்ளங்கை அளவில். வாசகம் மூன்றே வரி:

பனை ஓலைப் பெட்டிகள்
சாயல்குடிப் பக்கம், நாங்களே முடைந்தது
40 ரூபாய் முதல் 450 வரை. ஒரே விலை

நடைபாதையிலிருந்து பத்துப் பன்னிரண்டு அடி தூரத்தில் படிக்க வேண்டும். இரண்டு அங்குல எழுத்துக்குக் குறைந்தால் தமிழில் சுழிகள் அடைத்துக்கொள்ளும். ண-வும் ன-வும் ஒன்றாகத் தெரியும். நிழல், வெளிக்கோடு, சாய்வு எதுவும் வேண்டாம். வெள்ளைப் பின்னணியில் கறுப்பு அல்லது கருநீலம்.

அச்சுக்குப் போகும்முன் பார்க்க வேண்டியது இன்னொன்று. வாட்ஸ்அப்பில் நாம் அனுப்புவது யூனிகோடு. பல ஃபிளெக்ஸ் கடைகளில் பழைய மென்பொருளில்தான் வடிவமைக்கிறார்கள். அதில் ஒட்டினால் கொம்பு இடம் மாறி, “பெட்டி” என்பதில் ப-வுக்கு முன்னால் வர வேண்டிய கொம்பு பின்னால் விழும். அவர்கள் பழைய எழுத்துருவில் மறுபடி தட்டச்சு செய்தால் புதுப் பிழை முளைக்கும். “முடைந்தது” என்பது “முடைந்து” ஆகும். படமாக அனுப்பச் சொல்லி, போனில் பெரிதாக்கி, எழுத்தெழுத்தாகப் படித்த பிறகுதான் அடிக்கச் சொல்ல வேண்டும். குழுவில் வேகமாகப் படிக்கிறவரைவிட, நிறுத்தி நிறுத்தி எழுத்துக் கூட்டிப் படிக்கிறவரிடம் கொடுத்தால் பிழை சீக்கிரம் அகப்படும்.

“ஒரே விலை” என்று போர்டில் போட்டுவிட்டுக் கடைசி நாள் குறைத்து விற்றால் எல்லாம் வீண். அடுத்த வருஷம் விவரமானவர்கள் கடைசி நாள்தான் வருவார்கள். இன்னொரு பக்கம், விற்காத பெட்டியை மழைக்காலத்தில் ஊருக்குத் தூக்கிக்கொண்டு போவதும் நஷ்டம், லாரி செட் கூலி மறுபடியும். இந்தக் கணக்கில் ஓட்டை இருப்பதும் இங்கேதான். விற்பனை 60,000 ஆகும் என்று நினைத்து 30,000-தான் ஆனால், கடைச் செலவு பத்திலிருந்து இருபது சதவீதமாகிவிடும். அப்போது 95-க்கு விற்ற பெட்டியிலும் கூலி மணிக்கு 40-க்குக் கீழே இறங்கும். போர்டு எழுதி இதைத் தடுக்க முடியாது. சரக்கைக் குறைத்துக் கொண்டுபோய், மிச்சத்தை ஆர்டராகப் பிடிப்பதுதான் வழி. நோட்டீஸை வருகிறவர் போகிறவர் கையிலெல்லாம் திணிக்காமல், வாங்கியவருக்கும் நின்று விசாரித்தவருக்கும் மட்டும் கொடுப்பதும் அதற்காகத்தான். மற்றவர்களுக்குக் கொடுத்தது வாசலிலேயே காலடியில் கிடக்கும்.

விலையைக் குறைக்காமல் குறைந்த விலையில் கொடுக்க எங்களிடம் ஒரு பெட்டி இருக்கிறது: இருபதில் ஒன்று கோணலாகப் போகிறதே, அது. அதன் கூலியும் ஓலையும் மற்ற பத்தொன்பதில் ஏற்கெனவே ஏறிவிட்டது. அவற்றை மேஜையின் ஒரு ஓரத்தில் தனித் தட்டில் வைத்து, முதல் நாளிலிருந்தே அட்டையில் எழுதி மாட்டிவிடுவார்கள்: “கோணல் பெட்டி, 50 ரூபாய். மூடி கொஞ்சம் இறுக்கம், சாயம் சீராக இல்லை. மற்றபடி உறுதி.” இந்த வாசகம் அத்தை சொல்லச் சொல்ல எழுதியது, நான் ஒரு எழுத்தும் மாற்றவில்லை. பேரம் பேச வருகிறவரை அந்தத் தட்டுப் பக்கம் கைகாட்டிவிடுவார். பெரும்பாலும் இரண்டாம் நாளே தட்டு காலி. பிறகு வருகிறவர்கள், “கோணல் இன்னும் இருக்கா?” என்று கேட்கும்போது, நேராக முடைந்தது 95 ரூபாய் என்று நோட்டீஸை நீட்டுவார்.